புளியா, சாம்பலா, சோப்பா? மீன் வாடை போக எந்தப் பாத்திரத்துக்கு எது

மீன் வெட்டிய கத்தியைப் புளி போட்டுத் தேய்த்தால் கறுத்துப்போகிறது, தேய்க்காவிட்டால் மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது உளும்பு அடிக்கிறது என்கிறார் ஒருவர். மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது என்கிறார்கள், கேஸ் அடுப்பு வந்தபிறகு சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்கிறார் இன்னொருவர். பிளாஸ்டிக் டப்பாவை வெந்நீரில் ஊறப்போட்டேன், வாடை கூடித்தான் இருக்கிறது என்பது மூன்றாவது புகார். மூவருக்கும் ஒரே மருந்து சொல்ல முடியாது. ஆனால் எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. குளச்சலில் வாங்கிய சாளைக்கும் சின்னமுட்டத்தில் வாங்கிய நெய்மீனுக்கும் அந்த வழி ஒன்றுதான்.

## முதலில், எந்த வாடை?

பாத்திரத்தில் தங்குவது ஒரு வாடை அல்ல, இரண்டு.

ஒன்று பச்சைமீன் வாடை. கடல்மீனின் தசையில், உப்புத் தண்ணீரில் உயிர்வாழ உதவும் ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்தபிறகு பாக்டீரியா அதை டிரைமெத்தில்அமீனாக மாற்றுகிறது. மூக்கைத் துளைப்பது இந்த அமீன்தான். சுறாவிலும் திருக்கையிலும் யூரியாவும் நிறைய உண்டு என்பதால் அம்மோனியா நெடியும் சேர்ந்துகொள்ளும். இரண்டுமே காரத்தன்மை உள்ளவை. புளிப்புப் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி, மூக்குக்கு எட்டாமல் தண்ணீரோடு போய்விடும். மீன் கழுவும்போது எலுமிச்சை பிழிவதும் புளித்தண்ணீர் விடுவதும் இதற்காகத்தான்.

மற்றது எண்ணெய் வாடை. சாளை, அயிலை மாதிரிக் கொழுப்பு மீன்களின் எண்ணெய் காற்றுப் பட்டால் வெகு சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை எடுக்கும். இதைப் புளிப்பு ஒன்றும் செய்யாது, எண்ணெய்ப் படலத்தின் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். இதற்கு வேண்டியது எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சோப்போ சாம்பலோ சோடாவோ.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி முடிவு ஆனமாதிரி. மீன் கழுவின பேசின், கத்தி, வெட்டுக்கட்டை இவற்றில் இருப்பது பெரும்பாலும் முதல் வாடை. குழம்புச் சட்டி, பொரித்த கல், மிச்சக் கறி வைத்த டப்பா இவற்றில் இருப்பது இரண்டாவது. குழம்பில்தான் ஏற்கெனவே புளியோ குடம்புளியோ மாங்காயோ போட்டாயிற்றே. அமீன் அங்கேயே அடங்கிவிட்டது. அந்தச் சட்டியை மறுபடியும் புளிபோட்டுத் தேய்ப்பது வீண்வேலை. சாளை மட்டும் இதில் தகராறு பண்ணும். அதை வெட்டிய கத்தியிலேயே எண்ணெயும் படிந்திருக்கும் என்பதால் இரண்டு வைத்தியமும் வேண்டும்.

## எதை வைத்துத் தேர்வது

எந்த வாடை என்பது முதல் அளவுகோல். பாத்திரம் வாடையை உள்ளே குடிக்குமா, மேலோடு நிறுத்திக்கொள்ளுமா என்பது இரண்டாவது. தேய்க்கிற பொருள் பாத்திரத்துக்குக் கெடுதல் செய்யுமா என்பது மூன்றாவது. நான்காவது செலவு. விலையை மட்டும் சொல்லவில்லை. எத்தனை தரம் அலச வேண்டும், எத்தனை மணி நேரம் காய வேண்டும், சிங்க் குழாய் அடைக்குமா என்பதும் அதில் சேரும்.

போயிற்றா இல்லையா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். உலர்ந்து குளிர்ந்த பாத்திரத்தில் வாடை ஒளிந்துகொள்ளும், சூடும் ஈரமும் பட்டதும் எழும்பும். ஆகவே இளஞ்சூடான தண்ணீர் இரண்டு விரல் உயரம் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து முகர வேண்டும். கத்தியானால் ஈரத்துணியால் பிடியும் அலகும் சேரும் இடத்தைத் துடைத்து, அந்தத் துணியை முகரலாம். முகர்வது அடுக்களைக்கு வெளியே இருந்தவராக இருக்கட்டும். மீனோடு ஒரு மணி நேரம் நின்றவர் மூக்குக்கு எதுவும் தெரியாது.

பச்சைமீன் பட்ட சாமானுக்கு எதைத் தேர்ந்தாலும் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான். பச்சை மீனின் கொழகொழப்பும் இரத்தமும் புரதம். கை பொறுக்காத வெந்நீரை நேரே ஊற்றினால் அது முட்டை வெள்ளைபோல வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் வாடை மூலைகளில் தங்கும். வீடுகளில் நடக்கிற தவறுகளில் இதுதான் முதலிடம்.

## புளிப்பு வகை

குழம்புக்குக் கரைத்தபின் மிஞ்சும் புளிச்சக்கை, எலுமிச்சைத் தோல், வினாகிரி, வளவில் காய்க்கும் பிலிம்பி எல்லாம் இந்த வகை. ஒரு பேசினுக்கும் கத்திக்கும் ஒரு கைப்பிடி புளிச்சக்கை தாராளம். வினாகிரி என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் ஊறவைப்பதால் லாபம் இல்லை.

மறைவான செலவு உலோகத்தில் தெரியும். பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி புளிப்பில் கறுக்கும், நேரமானால் துருவும் பிடிக்கும். ஸ்டீல் பத்து நிமிடத்துக்கு அசையாது. ஆனால் மீன்குழம்பின் உப்போடு புளிப்பும் சேர்ந்து இரவு முழுக்கக் கிடந்தால் ஊசி குத்தினமாதிரிப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள் பின்னால் அழுக்குத் தங்கும் குழிகளாகிவிடும். புளிச்சக்கையின் நாரைச் சிங்கில் விடாமல் குப்பையிலோ வாழை மூட்டிலோ போட வேண்டும்.

பேசின், ஸ்டீல் கத்தி, கட்டை, கை இவற்றுக்குப் புளிப்பை மிஞ்ச எதுவும் இல்லை. எண்ணெய் படிந்த பாத்திரத்துக்கு அது கடைசி அலசலுக்கு மட்டுமே உதவும்.

## சாம்பலும் ஆப்பசோடாவும்

விறகு, சிரட்டை, மட்டை எரித்த சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்புபோல வேலைசெய்யும். தூளின் சொரசொரப்பு கூடவே தேய்த்தும் கொடுக்கும். சலித்தெடுத்த சாம்பல் ஒரு மேசைக்கரண்டியும் ஈரமான கதம்பல் தும்பும் ஒரு குழம்புச் சட்டிக்குப் போதும். பிளாஸ்டிக் கவரும் குப்பையும் போட்டு எரித்த அடுப்புச் சாம்பல் மட்டும் சமையல் பாத்திரத்துக்கு ஆகாது.

சாம்பல் போட்டதும் வாடை கூடுகிறதே என்று சிலர் பயந்து நிறுத்திவிடுவார்கள். அது சரியான கவனிப்புதான். புளிப்பு அமீனைக் கட்டிப்போடுவதுபோல, சாம்பலின் காரம் அதை அவிழ்த்து ஆவியாக வெளியேற்றும். பின்முற்றத்தில் உட்கார்ந்து தேய்க்கிற வீட்டில் அது காற்றோடு போய்விடும், கெடுதல் இல்லை. ஜன்னல் மூடிய மாடி வீட்டு அடுக்களையில் வீடு முழுக்கப் பரவும். அங்கே பச்சைமீன் பட்ட சாமானுக்குச் சாம்பல் வேண்டாம்.

ஆப்பசோடா சாம்பலைவிட மென்மையானது. எண்ணெயை வெட்டும் பலமும் குறைவு. பொறுமையாக ஊறவைத்தால்தான் பயன்: ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, சில மணி நேரம். சலவை சோடாவை அதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது, அது தோலை அரிக்கும். அலுமினியச் சட்டிக்குச் சாம்பலும் சோடாவும் இரண்டுமே வேண்டாம், கறுத்துப்போகும்.

எலுமிச்சையும் சோடாவும் கலந்து நுரை பொங்கவைத்துத் தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் இப்போது ஏராளம். பொங்குவது வெறும் கரிவாயு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய சும்மா உப்புத் தண்ணீர். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்று முடிந்து அலசியபிறகு அடுத்தது.

## சோப்பும் மாவும்

எண்ணெய்க்குச் சோப்பு எளிது, வேகமானது. கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பாக இருந்தால் கட்டிச் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படலமாகப் படியும், அந்தப் படலத்தில் வாடை சிக்கும். அங்கே திரவ சோப்பே மேல். ஆனால் அதன் எலுமிச்சை வாசனையை நம்பி மீன் வாடை போயிற்று என்று முடிவுகட்ட வேண்டாம். வாசனை அடங்கின பிறகு, மறுநாள் சோதனை செய்தால்தான் உண்மை தெரியும்.

அரிசிமாவும் கடலைமாவும் எண்ணெயை உறிஞ்சித் தருபவை. உலர்ந்த மாவை உலர்ந்த பாத்திரத்தில் தூவித் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் குழைத்தால் பாதிப் பயன் போயிற்று. மாவுக்குழம்பு சிங்க் குழாயில் இறுகி அடைக்கிறது என்பது யாரும் சொல்லாத செலவு. வடிகஞ்சி இதே வேலையைக் காசில்லாமல் செய்யும், மண்சட்டிக்கு அதுதான் முதல் தேர்வு.

| | ஸ்டீல் | மண்சட்டி | பிளாஸ்டிக் | கத்தி |
|---|---|---|---|---|
| புளிப்பு | கடைசி அலசலுக்கு நல்லது | பெரும்பாலும் தேவையில்லை | பச்சைமீன் பேசினுக்கு நல்லது | ஸ்டீல் அலகுக்கு மட்டும் |
| சாம்பல் | வேலை செய்யும், கீறல் விழும் | மிக நல்லது | வேண்டாம், கீறும் | இரும்பு அலகுக்கு நல்லது |
| ஆப்பசோடா | அடிப்பிடித்ததற்கு | சிக்கு வாடைக்கு, அளவோடு | மிக நல்லது, ஊறவேண்டும் | இரும்பு அலகுக்குச் சாம்பலுக்குப் பதில் |
| சோப்பு | மிக நல்லது | கூடாது | முதல் கழுவலுக்கு | சாளை வெட்டியிருந்தால் |
| வெயில் | தேவையில்லை | கட்டாயம் | இரண்டு, மூன்று மணி நேரம் | பிடிக்கு ஆகாது |

## ஸ்டீல்: சுலபம், மூன்று இடங்களைத் தவிர

ஸ்டீல் எதையும் உள்ளே குடிக்காது. பச்சைத் தண்ணீர், திரவ சோப்பு, அலசல், கடைசியில் ஒரு கரண்டி புளித்தண்ணீர் என்று நான்கு படியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வாடை வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மடித்த விளிம்பின் அடிப்பக்கம், கைப்பிடியை அறைந்த ஆணியின் சுற்று, குக்கரானால் மூடியின் ரப்பர் வளையம். விளிம்புக்கும் ஆணிக்கும் பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோடா தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். மீனுக்கென்று தனி வளையம் வாங்கிவைப்பது அதைவிடச் சுலபம்.

குழம்பு அடிப்பிடித்திருந்தால் கம்பி நாரைத் தூக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரி தானே கழன்றுவரும்.

## மண்சட்டி: எதை விடுவது, எதை எடுப்பது

இங்கே கேள்வியே வேறு. மண்சட்டியின் உடம்பு முழுக்க நுண்ணிய துளைகள். தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்கும். மீன்சட்டியில் மீன் மணமே இருக்கக் கூடாது என்று நினைத்தால் முடியாது, தேவையுமில்லை. விரட்ட வேண்டியது சிக்கு வாடையை மட்டும். இரண்டையும் பிரிக்க இளஞ்சூட்டுத் தண்ணீர் சோதனையே போதும். மூடியைத் திறந்ததும் குழம்பு மணம் வந்தால் சட்டி நன்றாக இருக்கிறது. பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தமாதிரி ஒரு நெடி வந்தால் துளைக்குள் எண்ணெய் கெட்டிருக்கிறது.

மீன் வைத்த சட்டியைச் சுத்தம்செய்து அதிலேயே ரசமோ தீயலோ வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அந்த அளவுக்குச் சுத்தமாக்கச் சட்டியைப் பல தரம் சோடாவில் கொதிக்கவைக்க வேண்டும். துளைக்குள் இறங்கிய சோடா பின்னால் வெள்ளையாகப் பூத்து, சட்டியின் மேல்தோலையும் உதிர்த்துவிடும். தனிச்சட்டி ஒன்று வாங்குவது எல்லா வகையிலும் மலிவு.

சோப்பு ஏன் கூடாது என்பதற்கும் இதே துளைதான் காரணம். உள்ளே போன சோப்பு அடுத்த குழம்பு கொதிக்கும்போது வெளியே வரும். தெரியாமல் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். வெறும் தண்ணீரை நிறைத்து, சிறு தீயில் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். நுரையும் வாசனையும் நிற்கும்வரை இரண்டு மூன்று தரம் செய்தால் சரியாகிவிடும்.

அன்றாடக் கழுவல் இப்படி. சட்டி முழுவதும் ஆறட்டும், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஒட்டியிருக்கும் குழம்பை வழித்துவிட்டு, இளஞ்சூடான வடிகஞ்சியைப் பாதி ஊற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு கதம்பல் தும்பில் ஒரு மேசைக்கரண்டி சாம்பல் தொட்டு உள்ளே சுற்றிலும் தேய்த்து, மூன்று தரம் அலச வேண்டும். சாம்பல் இல்லாத வீட்டில் கல்லுப்பைத் தேட வேண்டாம், உப்பும் துளைக்குள் இறங்கிப் பூக்கும். அரிசிமாவு ஒரு கைப்பிடி போதும்.

அதன்பிறகு உலர்த்துவது. சட்டியைத் தரையோடு கவிழ்த்துவைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். ஒரு செங்கல்லில் சாய்த்து, வாய்க்குக் காற்றுப் போகும்படி கவிழ்த்து, மூன்று நான்கு மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். நமக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் மாறிமாறிப் பெய்வதால் வெயிலை நம்ப முடியாத மாதங்கள் அதிகம். அப்போது இரவு முழுக்கக் காற்றில் உலரவிட்டு, காலையில் மிகச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்கலாம். கழுவிய உடனே அடுப்பில் ஏற்றக் கூடாது. துளைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சட்டியை வெடிக்கவைக்கும்.

சிக்கு வாடை ஏறிய சட்டிக்குத்தான் சோடா. முக்கால் பங்கு தண்ணீர் நிறைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் போட்டு, சிறு தீயில் பதினைந்து நிமிடம். அடுப்பிலேயே ஆறட்டும். கொட்டினால் மேலே மஞ்சளான எண்ணெய்க் கண்கள் மிதக்கும், அதுதான் வெளியே வந்த பழைய எண்ணெய். அடுத்து வெறும் தண்ணீர் ஒரு கொதி, கடைசியில் வடிகஞ்சி ஒரு கொதி. கஞ்சியின் பசை திறந்த துளைகளை மறுபடி அடைக்கும், புதுச்சட்டி பழக்குவதுபோலத்தான். உலர்ந்தபின் சுவரில் வெள்ளை பூத்தால் சோடா மிச்சம் இருக்கிறது என்று பொருள், வெறும் தண்ணீரை இன்னொரு கொதி விட வேண்டும்.

மீன்கறியை இரண்டு நாள் சட்டியிலேயே வைத்துச் சுண்டவைத்துச் சாப்பிடுகிற வீடுகளில் எண்ணெய் ஆழமாக இறங்கும். பழஞ்சிக்கு அந்தக் கறியை மிஞ்ச ஒன்றுமில்லை என்பதால் அதை விடச் சொல்லமாட்டேன். கறி தீர்ந்த அன்று கஞ்சித்தண்ணீரை ஒன்றுக்கு இரண்டு தரம் ஊற்றிவைத்தால் போதும்.

## பிளாஸ்டிக்: தோற்கும் இடம்

பிளாஸ்டிக்கும் எண்ணெயும் ஒரே குணம் கொண்டவை. அதனால் மீனெண்ணெயும் மஞ்சள் நிறமும் பிளாஸ்டிக்கின் மேல்தோலுக்குள்ளேயே கரைந்து உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் இளகி இன்னும் உள்ளே வாங்கும். ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது புகாருக்கு விடை இதுதான். சூடான மீன்கறியை நேரே டப்பாவில் ஊற்றுவதும் அதே தவறு.

மீன் கழுவிய பேசின் சுலபம். பச்சைத் தண்ணீர், பிறகு புளிச்சக்கை, ஐந்து நிமிடம், அலசல். கறி வைத்த டப்பாவுக்கு வரிசை வேறு. முதலில் தண்ணீர் படாமல் உலர்ந்த மாவாலோ காகிதத்தாலோ எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் திரவ சோப்பு, மென்மையான பஞ்சு. கம்பி நாரும் சாம்பலும் வேண்டாம், ஒவ்வொரு கீறலும் எண்ணெய் தங்குவதற்கு ஒரு வாய்க்கால். அடுத்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா கரைத்த தண்ணீரை விளிம்புவரை நிறைத்து இரவு முழுக்க வைக்க வேண்டும். மூடியின் ரப்பரைக் கழற்றி அதிலேயே போடலாம். காலையில் அலசித் திறந்தபடி இரண்டு மூன்று மணி நேரம் வெயில். மஞ்சள் கறையும் வெயிலில் வெளுக்கும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் மொறுமொறுத்து உடையும்.

மழை நாளென்றால் வெயிலுக்குப் பதில் சிரட்டைக்கரி. இரண்டு துண்டைக் காகிதத்தில் பொதிந்து, நன்றாக உலர்ந்த டப்பாவில் வைத்து இறுக மூடி ஒரு இரவு விடலாம். ஈரமான டப்பாவில் கரி அவ்வளவாக வேலை செய்யாது.

இரண்டு சுற்று செய்தும் சோதனையில் வாடை வந்தால் அந்த டப்பாவோடு போராடுவதை விட்டுவிடலாம். அதைப் பச்சைமீன் வைக்கவோ கருவாட்டுக்கோ ஒதுக்குங்கள். மிச்சக் கறிக்கு ஸ்டீல் டப்பாவோ கண்ணாடியோ வாங்கினால் இரவு முழுக்க ஊறவைக்கும் வேலையே இல்லை.

கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை இதற்கு எடுப்பவர்களும் உண்டு. புளி, எலுமிச்சை, வினாகிரி எதுவாவது பட்ட பாத்திரத்தில் அது கலந்தால் குளோரின் வாயு வரும். மூச்சை அடைக்கும் நஞ்சு அது. ஸ்டீலையும் அரிக்கும். மீன் வாடைக்கு அது தேவையே இல்லை.

## கத்தி: அலகைவிடப் பிடி

ஸ்டீல் கத்திக்குப் புளிச்சக்கை, இரும்புக் கத்திக்குச் சாம்பல். அலகைப் பொறுத்தவரை இவ்வளவுதான். இரும்பில் புளிப்பைத் தவிர்ப்பதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. இரும்புத் துரு மீனெண்ணெயை வேகமாகக் கெடுக்கும். துரு ஏறிய கத்தியில் மீன் வாடையோடு ஒரு உலோக நெடியும் சேர்ந்து வருவது அதனால்தான். இரும்பு அலகைச் சாம்பலோ சோடாவோ தொட்டுத் தேய்த்து, அலசி, உடனே துணியால் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஏற்கெனவே துரு இருந்தால் நறுக்கிய பிலிம்பியால் தேய்த்துத் துருவை எடுத்து, உடனே அலசிச் சாம்பல் போட வேண்டும். இங்கே பிலிம்பி வாடைக்கல்ல, துருவுக்கு.

இவ்வளவு செய்தும் கத்தி நாறினால் குற்றம் பிடியில். மரப்பிடிக்குள் அலகின் வால் நுழையும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். மீன்தண்ணீர் அதற்குள் இறங்கி அழுகும். கத்தியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் ஊதி, உலரும்போது சுருங்கி, இடைவெளி பெரிதாகும். எனவே ஊறப்போடாமல், வெட்டி முடித்த கையோடு குழாயின் கீழே அலகு கீழ்நோக்க, தண்ணீர் பிடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி பிடித்துக் கழுவ வேண்டும். பிடியை ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைத் தோலும் வைத்து ஒரு நிமிடம் தேய்த்து, அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்தலாம். கடும் வெயில் பிடியைப் பிளக்கும். பிடி ஆடினால் கழுவிப் பயனில்லை, பட்டறையில் கொடுத்துப் புதுப்பிடி போடுவதே வழி.

அரிவாள்மணையின் பலகைக்கும் மீன் வெட்டும் கட்டைக்கும் உப்பு ஒரு கைப்பிடி தூவித் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்தால், ஈரத்தோடு வாடையையும் ஓரளவு இழுக்கும். வழித்துக் கழுவி, படுக்கப்போடாமல் சுவரில் சாய்த்து உலர்த்துங்கள்.

## ஒரு கிலோ சாளைக்கு

பாதிக் குழம்பு, பாதிப் பொரிப்பு என்று வைத்துக்கொள்வோம். அழுக்காவது பிளாஸ்டிக் பேசின், இரும்புக் கத்தி, மசாலா புரட்டிய ஸ்டீல் தட்டு, மண்சட்டி.

மீனை வெட்டி முடித்ததும், மசாலா அரைக்கப் போகும் முன்பே கத்தியும் பேசினும் முடிந்துவிட வேண்டும். கொழகொழப்பு உலர்ந்தால் பசையாகிவிடும், அப்போது வேலை இரட்டிக்கும். மீன் கழுவிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றாமல் தென்னை மூட்டிலோ கறிவேப்பிலை மூட்டிலோ ஊற்றுங்கள். கத்தியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சாளையின் எண்ணெய் இருப்பதால் ஒரு சொட்டு சோப்பு, பிறகு சாம்பல், துடைத்து எண்ணெய். பேசினுக்கும் முதலில் ஒரு சொட்டு சோப்பு. குழம்புக்குப் புளி கரைத்தபின் மிஞ்சும் சக்கையால் அதைத் தேய்த்து ஐந்து நிமிடம் வைத்து அலசினால் முடிந்தது.

மசாலாத் தட்டில் பச்சைமீனும் எண்ணெயும் இரண்டும் உண்டு. பச்சைத் தண்ணீர், சோப்பு, கடைசியில் புளித்தண்ணீர். சோற்றை வடிக்கும்போது இரண்டு டம்ளர் கஞ்சியை எடுத்துவைத்துக்கொண்டால், சாப்பிட்டு முடித்தபிறகு ஆறிய மண்சட்டிக்கு அது ஆகும். கஞ்சியை லேசாகச் சூடாக்கி ஊற்றிவிட்டு மற்றப் பாத்திரங்களைக் கழுவுங்கள், அதற்குள் பத்து நிமிடம் ஓடியிருக்கும்.

மறுநாள் சோதனையில் பாத்திரம் ஒவ்வொன்றும் தேறியும் அடுக்களை நாறினால், பாத்திரம் தேய்க்கும் பஞ்சை முகர்ந்து பாருங்கள். மீன் பாத்திரம் தேய்த்த பஞ்சு எல்லாப் பாத்திரத்துக்கும் வாடையைப் பூசும். மீனுக்குத் தனியாகக் கதம்பல் தும்பு வைத்துக்கொண்டு, தேய்த்ததும் வீசிவிடலாம். பஞ்சும் குற்றவாளி இல்லையென்றால் சிங்கின் அடியில் இருக்கும் வளைகுழாயில் செதில் தங்கியிருக்கும், அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.